தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸாகப் புதிதாகச் சேர்ந்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆர்டரில் "தொற்றுக் கட்டுப்பாட்டுப் பணிகள்" என்று ஒரே வரிதான் இருக்கிறது. நான் நிஜமாகவே செய்ய வேண்டியது என்ன?

நீலகிரியின் சிறிய மருத்துவமனைகளில் பெரும்பாலும் இந்த ஒரு வரியோடுதான் சேர்கிறோம். நானும் அப்படித்தான் சேர்ந்தேன். அந்த வரியைப் பிரித்துப் பார்த்தால் மூன்று வேலைகள் உள்ளே இருக்கும். முதலாவது எண்ணுவது: எந்த நோயாளிக்கு மருத்துவமனைக்கு வந்த பிறகு தொற்று வந்தது, எத்தனை பேருக்குக் கத்தீட்டர், சென்ட்ரல் லைன், வென்டிலேட்டர் இருக்கிறது என்று தினமும் கணக்கெடுப்பது. இரண்டாவது பார்ப்பது: கை சுத்தம், கழிவு பிரிப்பு, ஸ்டெரிலைசேஷன் எல்லாம் புரோட்டோகால் ஃபைலில் எழுதியிருப்பதுபோல் நடக்கிறதா என்று இடத்துக்கே போய்ப் பார்ப்பது. மூன்றாவது சொல்வது: பார்த்ததை உரியவரிடம் உரிய நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது.

மருத்துவ விஷயங்களில் நீங்கள் தொற்றுக் கட்டுப்பாட்டு அலுவலருக்குக் கீழே வருவீர்கள். அவர் மைக்ரோபயாலஜிஸ்டாக இருக்கலாம், சிறிய இடமென்றால் ஒரு பிசிஷியனாகவும் இருக்கலாம். விடுப்பு, டியூட்டி எல்லாம் நர்சிங் சூப்பிரண்டு கையில். ஒரு பிரச்சினை வந்தால் யாரிடம் முதலில் போக வேண்டும் என்பதைச் சேர்ந்த வாரமே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இருவரும் "அவரிடம் கேள்" என்று கைகாட்டினால் நடுவில் நிற்பது நீங்கள்தான்.

பாதி நாள் வார்டு டியூட்டியும் போடுகிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா?

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச அளவு 250 படுக்கைக்கு ஒரு முழுநேர ஆள். 80 படுக்கை உள்ள இடத்தில் முழுநேரம் கேட்டால் நிர்வாகம் அதைத்தான் திருப்பிச் சொல்லும். அதனால் முழுநாளுக்குச் சண்டை போடுவதைவிட, குறிப்பிட்ட நேரத்தைக் காப்பாற்றிக்கொள்வது நல்லது. தினமும் காலை 9 முதல் 12 வரை உங்களை வார்டு எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது என்று ஒரு ஏற்பாடு இருந்தால் போதும், பாதி வேலை ஓடிவிடும். நைட் டியூட்டி மட்டும் வேண்டாம். நைட் பார்த்துவிட்டு ஆஃப் எடுக்கும் நாட்களில் கத்தீட்டர் கணக்கு எடுக்க ஆள் இருக்காது. அப்படி விட்டுப்போன நாட்களை மாதக் கடைசியில் குத்துமதிப்பாக நிரப்பினால் பின்னால் எந்த எண்ணும் நிற்காது.

புரொபேஷன் முடிவில் என்னை எதை வைத்து மதிப்பிடுவார்கள்? தொற்று குறைந்ததா என்று பார்ப்பார்களா?

பார்ப்பார்கள், ஆனால் அதை மட்டும் வைத்து மதிப்பிட்டால் தவறு. இதை நீங்களே முதல் மாதத்தில் எடுத்துச் சொல்லிவிடுங்கள். முன்பு யாரும் ஒழுங்காக எண்ணாத இடத்தில் எண்ண ஆரம்பித்தால் எண்ணிக்கை ஏறத்தான் செய்யும். ஊசிக்குத்து ரிப்போர்ட்டும் ஏறும். போன வருடம் முழுக்க பூஜ்யம் என்று எழுதிய இடத்தில் இந்த ஆறு மாதத்தில் ஐந்து வந்தால், மறைத்துக்கொண்டிருந்தவர்கள் சொல்லத் தொடங்கிவிட்டார்கள் என்றுதான் பெரும்பாலும் அர்த்தம்.

நான் மதிப்பிடும் இடத்தில் இருந்தால் மூன்று கேள்விகள் கேட்பேன். 180 நாளில் எத்தனை நாள் கத்தீட்டர் கணக்கு விட்டுப்போனது? தொற்று என்று எண்ணிய ஒவ்வொன்றுக்கும் ஏன் எண்ணினோம், எண்ணாமல் விட்டதற்கு ஏன் விட்டோம் என்று ரெஜிஸ்டரில் காரணம் இருக்கிறதா? கண்டுபிடித்த விஷயம் அந்த வார்டு இன்சார்ஜ் சிஸ்டருக்கு எத்தனை நாளில் போய்ச் சேர்ந்தது? மாதக் கூட்டத்தில்தான் முதன்முதலாக அவருக்குத் தெரிகிறது என்றால் வேலை பாதிதான் நடந்திருக்கிறது.

நான் சேர்ந்த மாதமே ஐ.சி.யூ.வில் கத்தீட்டர் தொற்று விகிதம் 10-க்கு மேல் போய்விட்டது. அதற்கு முன்பு பூஜ்யமாம். என்னிடம் விளக்கம் கேட்கிறார்கள்.

இதே கேள்வியோடு ஒரு தங்கை தன் ரெஜிஸ்டரையும் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். அதையே வைத்துச் சொல்கிறேன். யாரையும் அடையாளம் காட்டாதபடி விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

அந்த மாதம் ஐ.சி.யூ.வில் கத்தீட்டர் போட்ட நோயாளிகளிடமிருந்து நான்கு யூரின் கல்ச்சர் பாசிட்டிவ். முதலாமவர் ஒரு வயதான அம்மா. திங்கள் இரவு ஐ.சி.யூ.வில் சேர்த்துக் கத்தீட்டர் போட்டார்கள். வியாழன் 38.6 டிகிரி காய்ச்சல், கல்ச்சரில் ஈ.கோலை, ஒரு மில்லியில் ஒரு லட்சத்துக்கு மேல். இரண்டாமவருக்கும் ஈ.கோலைதான், காய்ச்சலும் உண்டு. ஆனால் அது கத்தீட்டர் போட்ட மறுநாளே வந்துவிட்டது. மூன்றாமவருக்குக் காய்ச்சல் இல்லை, அடிவயிற்றில் வலி இல்லை, எந்த அறிகுறியும் இல்லை, கல்ச்சர் மட்டும் பாசிட்டிவ். நான்காமவருக்கு வளர்ந்தது கேன்டிடா.

இதில் கணக்கில் வருவது முதலாமவர் மட்டும்தான். பொதுவாக நாம் பின்பற்றும் அமெரிக்க சி.டி.சி. வரையறைப்படி, கத்தீட்டர் போட்ட நாளை முதல் நாளாக வைத்து, இரண்டு நாள் முழுதாகத் தாண்டியிருக்க வேண்டும். அதாவது மூன்றாம் நாளிலிருந்துதான் எண்ணலாம். 38-க்கு மேல் காய்ச்சல், அடிவயிற்றிலோ இடுப்புப் பக்கவாட்டிலோ வலி மாதிரி அறிகுறி ஒன்றாவது வேண்டும். கல்ச்சரில் இரண்டு வகைக்கு மேல் கிருமி இருக்கக் கூடாது, அதில் ஒரு பாக்டீரியாவாவது லட்சம் அளவைத் தொட வேண்டும். கேன்டிடா போன்ற ஈஸ்டை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. இந்த நான்கு பேரில் யாருக்குச் சிகிச்சை தேவை என்பது டாக்டரின் முடிவு, அது வேறு விஷயம். இரண்டையும் குழப்பிக்கொண்டால் மருந்து கொடுத்த எல்லோரையும் எண்ணிவிடுவோம்.

சரி, இப்போது விகிதம். தினமும் காலை ஒரே நேரத்தில் ஐ.சி.யூ.வில் எத்தனை பேருக்குக் கத்தீட்டர் இருக்கிறது என்று எண்ணி மாதம் முழுக்கக் கூட்டினால் கத்தீட்டர் நாட்கள். அவளுக்கு வந்தது 96. ஒரு தொற்றை 96-ஆல் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் 10.4. மேலதிகாரிக்குப் பயம் வந்தது இந்த எண்ணைப் பார்த்துத்தான். ஆனால் கீழே இருக்கும் எண் நூறுகூட இல்லை. இங்கே ஒரே ஒரு தொற்று வந்தாலும் விகிதம் பத்தைத் தாண்டும், வராவிட்டால் பூஜ்யம். நடுவில் எதுவும் சாத்தியமே இல்லை. அடுத்த இரண்டு மாதங்களில் 88 நாளும் 116 நாளும் சேர்ந்து மொத்தம் 300 ஆனது, புதிய தொற்று இல்லை. காலாண்டு விகிதம் 3.3. எட்டுப் படுக்கை ஐ.சி.யூ.வுக்கு மாத விகிதத்தைப் போர்டில் ஒட்டுவதே வீண். காலாண்டாகப் போடுங்கள், கூடவே கடைசித் தொற்று வந்து எத்தனை நாள் ஆனது என்றும் எழுதுங்கள். இரண்டாவதை எல்லோராலும் புரிந்துகொள்ள முடியும்.

இன்னொன்றும் அந்த ரெஜிஸ்டரில் இருந்தது. விகிதத்தைவிட எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. அந்த மாதம் ஐ.சி.யூ.வின் மொத்த நோயாளி நாட்கள் 160. அதில் 96 நாள் கத்தீட்டர், அதாவது பத்து நாளில் ஆறு நாள். எதற்காக என்று படுக்கை படுக்கையாகக் கேட்கச் சொன்னேன். சிறுநீர் அளவை மணிக்கு மணி பார்க்க வேண்டியவர்கள் சிலர், அடைப்பு உள்ளவர் ஒருவர். மீதிப் பேருக்குக் கிடைத்த பதில் குளிர். ஜனவரி ராத்திரியில் வயதானவர்கள் எழுந்து நடக்க மாட்டேன் என்கிறார்கள், பெட்பேன் ஐஸ் மாதிரி இருக்கிறது என்று கத்துகிறார்கள், கூட இருக்கும் மகளே "ட்யூப் போட்டு விடுங்க சிஸ்டர்" என்று கேட்கிறார். இதை எந்தப் புரோட்டோகாலும் எழுதி வைத்திருக்காது. பெட்பேனை வெந்நீரில் அலசித் துடைத்துக் கொடுப்பது, படுக்கை அருகிலேயே கமோடு நாற்காலி, தினமும் காலை ரவுண்ட்ஸில் "இன்றைக்கு இந்தக் கத்தீட்டர் எதற்கு?" என்ற ஒரு கேள்வி. அவ்வளவுதான் செய்தார்கள். போடாத கத்தீட்டரில் தொற்று வராது. உங்கள் வேலைக்கான இலக்காக விகிதத்தைவிட இந்தப் பயன்பாட்டு அளவை வைக்கச் சொல்லிக் கேளுங்கள், அதுதான் உங்கள் கைக்கு எட்டும்.

எங்கள் கல்ச்சர் கோவை லேபுக்குப் போகிறது. அதனால் ஏதாவது மாறுமா?

நிறைய மாறும். யூரினை எடுத்து இரண்டு மணி நேரத்துக்குள் கல்ச்சர் போட வேண்டும், முடியாவிட்டால் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். மேலே குளிர்தானே என்று மேஜையிலேயே வைத்துவிட்டு மதிய வண்டிக்குக் கொடுப்பார்கள். அது மேட்டுப்பாளையம் தாண்டும்போது வெயில். வழியெல்லாம் கிருமி பெருகி, ஆயிரமாக இருந்தது லட்சமாகப் போய்ச் சேரும். ஐஸ் பேக் வைத்த பெட்டி, எடுத்த நேரத்தை லேபிளில் எழுதுவது, இரண்டும் கட்டாயம். ரிப்போர்ட்டில் மூன்று நான்கு வகைக் கிருமி கலந்து வளர்ந்திருந்தால் முதலில் சாம்பிளைத்தான் சந்தேகப்பட வேண்டும். பையிலிருந்து பிடித்தார்களா, ட்யூபில் இருக்கும் போர்ட்டைத் துடைத்துச் சிரிஞ்சில் எடுத்தார்களா என்று எடுத்த சிஸ்டரிடமே போய்க் கேளுங்கள். அதட்டிக் கேட்டால் பதில் வராது.

கை சுத்தம் ஆடிட்டில் 85 சதவீதம் வந்தது. மேடம் நம்பவே மாட்டேன் என்கிறார்.

நானும் நம்ப மாட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் கையில் பேப்பரோடு வார்டில் நிற்கும் அந்த இருபது நிமிடம் எல்லோரும் நல்ல பிள்ளைகள்தான். ஸ்டோர் ரெஜிஸ்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு வார்டில் தினமும் 40 நோயாளிகள் என்று வைப்போம், மாதம் 1,200 நோயாளி நாட்கள். அந்த மாதம் ஸ்டோரிலிருந்து வாங்கிய ஹேண்ட் ரப் 500 மில்லி பாட்டில் ஒன்பது, அதாவது நாலரை லிட்டர். ஒரு நோயாளிக்கு ஒரு நாளைக்கு நான்கு மில்லிகூட வரவில்லை. ஒரு தடவை கையில் தேய்க்கவே மூன்று மில்லி வேண்டும். ஆக, ஒரு நோயாளிக்காக நாள் முழுக்க, எல்லா ஊழியரும் சேர்ந்து, ஒரு தடவை கை தேய்த்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் சுயமதிப்பீட்டுப் படிவம் எதிர்பார்ப்பது ஆயிரம் நோயாளி நாளுக்கு 20 லிட்டராவது, அதாவது ஆளுக்கு நாளொன்றுக்கு 20 மில்லி. மீதியைச் சோப்பு போட்டுக் கழுவினார்கள் என்று சொல்வார்கள். டிசம்பர் மாதக் குன்னூர்க் குழாய்த் தண்ணீரில் கையை வைத்துப் பார்த்தவர்கள் அதை நம்ப மாட்டார்கள்.

குளிர்காலத்தில் கை வெடித்துப்போவதுதான் இங்கே உண்மையான எதிரி. வெடித்த கையில் ஹேண்ட் ரப் பட்டால் எரியும், எரிந்தால் தொட மாட்டார்கள். வார்டுக்கு ஒரு கை க்ரீம் பாட்டிலும் சிங்க்கில் வெதுவெதுப்பான தண்ணீரும் கேட்டு வாங்குங்கள். நவம்பரிலேயே இன்டென்ட் போட்டுவிடுங்கள், ஜனவரியில் போட்டால் மார்ச்சில்தான் வரும். அப்புறம் ஆடிட் எண்ணையும் பாட்டில் கணக்கையும் எப்போதும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே காட்டுங்கள்.

சி.எஸ்.எஸ்.டி.யில் தனி டெக்னீஷியன் இருக்கிறார். ஆட்டோகிளேவ் என் பொறுப்பா?

ஓட்டுவது அவர் பொறுப்பு, சரியாக ஓடியது என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் பொறுப்பு. சமவெளியில் படித்துவிட்டு மலைக்கு வருபவர்களுக்குப் பெரும்பாலும் யாரும் சொல்லாத ஒன்று இதில் இருக்கிறது.

குன்னூர் சுமார் 6,000 அடி உயரம். இங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பு வேக நேரமாவது அதனால்தான். ஆட்டோகிளேவின் பிரஷர் கேஜ் காட்டுவது வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு அதிகம் என்பதை மட்டும். வெளிக்காற்றே இங்கே லேசு. அதனால் கேஜ் 15 பவுண்டு காட்டினாலும் உள்ளே 121 டிகிரி இருக்காது, 117, 118-தான் இருக்கும். ஆயிரம் அடிக்கு அரை பவுண்டு கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது பழைய கணக்கு, அதன்படி குன்னூரில் 18 பவுண்டு வேண்டும். ஊட்டி இன்னும் உயரம், அங்கே பதினெட்டரைக்கு மேல்.

வெப்பநிலை சென்சாரை வைத்து ஓடும் புது மெஷினில் இந்தத் தொல்லை இல்லை, அது டிகிரியைப் பார்த்துத்தான் நேரத்தை எண்ணத் தொடங்கும். கேஜை மட்டும் பார்த்து ஓட்டும் பழைய நின்ற வாட்ட மெஷினில்தான் ஆபத்து, அது பெரும்பாலும் லேபர் வார்டிலோ பல் பிரிவிலோ இருக்கும். அதற்காக நீங்களே வால்வைத் திருகி அழுத்தத்தைக் கூட்டிவிடாதீர்கள். அந்த மெஷின் எவ்வளவு தாங்கும், சேஃப்டி வால்வு எங்கே திறக்கும் என்பதை பயோமெடிக்கல் இன்ஜினியர் பார்த்துச் சொல்ல வேண்டும். கூட்ட முடியாத மெஷின் என்றால் நேரத்தை நீட்டலாம். மூன்று நான்கு டிகிரி குறைந்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். எவ்வளவு போதும் என்பதை ஸ்போர் டெஸ்ட் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும், மனக்கணக்கில் அல்ல.

ஸ்போர் டெஸ்ட்டிலும் ஒரு மலைத் தொல்லை உண்டு. வாரம் ஒருமுறையாவது ஒரு குப்பியைப் பெரிய பேக்கின் நடுவில் வைத்து ஓட்டி, அதே லாட்டில் ஓட்டாத இன்னொரு குப்பியோடு சேர்த்து இன்குபேட்டரில் வைப்பார்கள். ஓட்டியது நிறம் மாறக் கூடாது, ஓட்டாதது மாறியே தீர வேண்டும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் மூன்று மாதமாக எல்லாமே பாஸ். ரெஜிஸ்டரில் ஓட்டாத குப்பிக்கு என்று ஒரு கட்டமே இல்லை. ஒரு நாள் நானே போய்ப் பார்த்தேன், அதுவும் நிறம் மாறவில்லை. ராத்திரி மெயினை அணைக்கும்போது இன்குபேட்டரும் சேர்ந்து அணைந்துகொண்டிருந்தது. அறையோ 12 டிகிரி. அந்த ஸ்போருக்கு ஐம்பது டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், அது எங்கே வளரும்? மூன்று மாத ரிசல்ட்டும் குப்பைக்குப் போனது. பேக்கில் ஒட்டிய டேப்பில் கோடு கறுத்திருக்கிறதே என்று டெக்னீஷியன் சொன்னார். டேப் காட்டுவது பேக் மெஷினுக்குள் போய் வந்தது என்பதை மட்டும்தான்.

மழையில் ரோடு மூடினால் பயோமெடிக்கல் வேஸ்ட் வண்டி வராது. அப்போது?

2016 விதிகளின்படி மஞ்சள் பையில் போகும் உடல்பாகம், ரத்தம் பட்ட கழிவு போன்றவற்றை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அக்டோபர், நவம்பரில் மண் சரிந்தால் அது தாண்டிவிடும். விதியிலேயே வழி இருக்கிறது: கெடுதல் வராதபடி பாதுகாப்பாக வைத்து, காரணத்தோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மெயில் அனுப்பிய நகலை ஃபைலில் வையுங்கள். ஸ்டோர் அறைக்குப் பூட்டு வேண்டும், கதவின் அடியில் இடைவெளி இருக்கக் கூடாது. நாய், எலி போக, இங்கே கரடியும் குப்பைக்கு வரும்.

ஊசிக்குத்து நடந்தால் முதலில் நான் என்ன செய்ய வேண்டும்?

சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவச் சொல்லுங்கள், பிதுக்க வேண்டாம், வாயில் வைக்க வேண்டாம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் முதல் டோஸ் போவது நல்லது, 72 மணி நேரத்துக்குப் பிறகு பயனில்லை. தொடர்ந்து 28 நாள். ஆகவே நீங்கள் சேர்ந்த வாரமே பார்க்க வேண்டியது, அந்த மருந்து ராத்திரி இரண்டு மணிக்கு கேஷுவாலிட்டியில் கிடைக்குமா, சாவி யாரிடம் என்பது. பார்மசி எட்டு மணிக்குப் பூட்டிவிட்டால் கீழே போய் வாங்க நேரம் இருக்காது. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸும் போட்டவர்களுக்கு ஆன்டிபாடி 10-க்கு மேல் இருக்கிறதா என்று பார்த்த ரிசல்ட்டும் ஒவ்வொருவர் ஃபைலிலும் வேண்டும், ஹவுஸ்கீப்பிங் அக்காக்களுக்கும் சேர்த்து. பிரிக்காத ஊசி கடைசியில் குத்துவது அவர்கள் கையில்தான்.

பெரிய சர்ஜன் ரவுண்ட்ஸில் கை தேய்க்காமலே டிரெஸ்ஸிங்கைத் தொடுகிறார். நான் எப்படிச் சொல்வது?

எல்லோர் முன்னாலும் சொல்லாதீர்கள். டிரெஸ்ஸிங் டிராலியோடு ஹேண்ட் ரப் பாட்டிலையும் தள்ளிக்கொண்டு அவர் கூடவே போங்கள், கையை நீட்டும்போது முதலில் பாட்டிலை நீட்டுங்கள். பத்தில் எட்டுப் பேர் வாங்கித் தேய்த்துவிடுவார்கள். மீதி இரண்டு பேரிடம் தொற்றுக் கட்டுப்பாட்டு அலுவலர் தனியாகப் பேசட்டும், அது உங்கள் சம்பளத்தில் வராத வேலை. நீங்கள் அவருக்குக் கொடுக்க வேண்டியது தேதி, நேரம், எத்தனை தடவையில் எத்தனை தடவை என்ற எண்ணிக்கை மட்டும்.